சித்தப்பா கொடுத்தால் வரி இல்லை; அவர் மகன் கொடுத்தால்?

மதுரையில் ஒருவர் வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கடன் போகக் கையிலிருந்து போட வேண்டிய தொகை கொஞ்சம் குறைகிறது. நம் ஊர் வழக்கப்படி உறவும் நட்பும் கை கொடுக்கின்றன. அப்பா 10 லட்சம் தருகிறார். சித்தப்பா 3 லட்சம். அமெரிக்காவில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன், "தம்பி, திருப்பித் தரவே வேண்டாம்டா" என்று 2 லட்சம் அனுப்புகிறார். மனைவியின் சித்தப்பா 60,000, கல்லூரி நண்பர் 40,000. எல்லாமே வங்கி வழியாக வந்த பணம். யாரும் எதையும் மறைக்கவில்லை.

அடுத்த ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யப் போகும்போது ஆடிட்டர் இந்த ஐந்து பேரையும் இரண்டாகப் பிரிக்கிறார். அப்பாவும் சித்தப்பாவும் கொடுத்த 13 லட்சத்துக்கு ஒரு ரூபாய்கூட வரி கிடையாது. மற்ற மூவர் கொடுத்த 3 லட்சம் முழுவதும் வீடு வாங்கியவரின் வருமானமாகிவிடுகிறது. அவருடைய வரிக்குட்பட்ட வருமானம் ஏற்கெனவே 16 லட்சம் என்றால், 2025-26 நிதியாண்டின் புதிய வரித் திட்டத்தில் இந்த 3 லட்சம் 20 சதவீத ஸ்லாபில் விழுகிறது. வரி 60,000, அதன் மேல் 4 சதவீத செஸ் 2,400. ஆக 62,400 ரூபாய். மனைவியின் சித்தப்பா கொடுத்ததைவிடவும் அதிகமான தொகை வரியாகப் போகிறது.

"அண்ணன் கொடுத்ததுக்கு எதுக்கு சார் வரி?" என்று அவர் கேட்டால் அதில் தப்பில்லை. தமிழ் வீட்டில் பெரியப்பா மகன் அண்ணன்தான். வருமான வரிச் சட்டத்தில் மட்டும் அவர் ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்தவருக்குச் சமம்.

அந்தச் சட்டம் உறவை அழைப்பிதழில் அச்சிடும் பெயர்களை வைத்துப் பார்ப்பதில்லை. தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 56ஆவது பிரிவில் உள்ள அந்தப் பட்டியலின்படி, பணம் வாங்குபவரின் கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள், அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள் ஆகியோர் உறவினர்கள். நேர் வரிசையில் மேலே பெற்றோர், தாத்தா, பாட்டி. கீழே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கணவன் அல்லது மனைவிக்கும் இதே நேர் வரிசை. கடைசியாக, இவர்கள் அனைவரின் துணைவர்கள். 1961 சட்டத்தின் இடத்தைப் பிடிக்கும் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

துணைவர்களையும் சேர்த்ததால் பட்டியல் எதிர்பார்ப்பதைவிட அகலமானது. அண்ணி, மருமகன், மருமகள், சகலை, ஓரகத்தி, அத்தையின் கணவர், சித்தியின் கணவர் எல்லோரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். மச்சினிச்சியின் கணவர் 20 லட்சம் கொடுத்தாலும் வரி இல்லை. ஆனால் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. தாத்தாவின் தம்பி நேர் வரிசையில் வராதவர் என்பதால் வெளியே நிற்கிறார். மாமனார் உள்ளே, மாமனாரின் தம்பி வெளியே. சம்பந்தியும் வெளியேதான். அத்தை மகனை மணக்கப்போகும் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வரை அவர் அந்நியர். தாலி கட்டியதும் பட்டியலின் முதல் ஆள்.

இந்தப் பட்டியலில் பலரும் கவனிக்காத ஒரு கோணல் இருக்கிறது. உறவு எப்போதும் வாங்குபவரின் பக்கத்திலிருந்தே அளக்கப்படுகிறது. தாய்மாமன் மருமகளுக்கு 5 லட்சம் கொடுத்தால், வாங்குபவளுக்கு அவர் அம்மாவின் உடன்பிறந்தவர், வரி இல்லை. அதே பெண் வளர்ந்து, வேலைக்குப் போய், தன்னைப் படிக்கவைத்த மாமனுக்கு 5 லட்சம் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்? இப்போது வாங்குபவர் மாமன். உடன்பிறந்தவளின் மகள் அவருடைய பட்டியலில் இல்லை. அந்த 5 லட்சமும் மாமனின் வருமானம். ஒரே இரண்டு பேர், ஒரே தொகை, திசை மட்டும் வேறு. மாமனின் மொத்த வருமானம் வரி கட்டும் அளவுக்குக் கீழே இருந்தால் அவர் கையைவிட்டு எதுவும் போகாது. இல்லையென்றால் நன்றிக் கடனிலும் ஒரு பங்கு அரசுக்குப் போகும்.

பட்டியலுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் ஒரு சலுகை உண்டு. ஒரு நிதியாண்டில் அவர்கள் எல்லோரிடமிருந்தும் வந்த பணம் சேர்ந்து 50,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் வரி இல்லை. இது ஒவ்வொருவருக்கும் தனித்தனியான வரம்பு என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. 50,000க்கு மேலுள்ள தொகைக்கு மட்டும்தான் வரி என்று நினைப்பதும் சரியில்லை. 50,000 வந்தால் வரிக்கணக்கில் ஒன்றுமில்லை. 50,001 வந்தால் 50,001 முழுவதும் வருமானம். மதுரைக்காரருக்கு நண்பர் கொடுத்த 40,000 மட்டும் வந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். அண்ணனின் 2 லட்சமும் சேர்ந்துகொண்டதால் நண்பரின் 40,000மும் வலையில் மாட்டியது.

பொருளாகக் கொடுத்தால் கதை கொஞ்சம் மாறும். நிலம், வீடு, பங்குகள், நகை, தங்கக்கட்டி, ஓவியம், சிற்பம், கிரிப்டோ போன்ற சிலவற்றைத்தான் சட்டம் இந்தக் கணக்குக்குள் கொண்டுவருகிறது. காரும் மொபைலும் ஃபிரிட்ஜும் அதில் இல்லை. நண்பர் 8 லட்ச ரூபாய்க்கு நெக்லஸ் வாங்கிக் கொடுத்தால் வரி உண்டு. வேலை, தொழில் சம்பந்தம் எதுவும் இல்லாமல் நட்புக்காக மட்டும் அவர் 8 லட்ச ரூபாய்க் காரைக் கொடுத்தால் இந்தப் பிரிவில் வரி கிடையாது.

இவ்வளவு நுணுக்கமாகக் கோடு கிழிக்க என்ன அவசியம் வந்தது? அதற்கு நாடு சுதந்திரம் பெற்ற முதல் பத்தாண்டுக்குப் போக வேண்டும்.

1953இல் இந்தியாவில் எஸ்டேட் வரி வந்தது. ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச்செல்லும் சொத்து ஒரு வரம்பைத் தாண்டினால் அதற்கு வரி. சாகும்வரை சொத்தைக் கையில் வைத்திருந்தால்தானே இந்த வரி? உயிரோடிருக்கும்போதே பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிட்டால் முடிந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் வழிகளில் ஒன்றாகத்தான் அன்பளிப்பு வரி வந்தது. கேம்பிரிட்ஜ் பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் கால்டோர் 1956இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் அன்பளிப்புக்கு வரி போடச் சொன்னார். 1958இல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது.

அந்தச் சட்டம் இன்றைய ஏற்பாட்டுக்கு நேர் எதிர். வரி கட்ட வேண்டியவர் கொடுப்பவர். சில விலக்குகள் இருந்தன என்றாலும், வரம்பைத் தாண்டினால் பெற்ற பிள்ளைக்குக் கொடுத்ததற்கும் வரி உண்டு. காரணம் எளிது. எஸ்டேட் வரியிலிருந்து நழுவ நினைப்பவர் சொத்தைக் கொடுப்பது பிள்ளைகளுக்குத்தான். ஆகவே அன்றைய சட்டம் சந்தேகத்தோடு பார்த்தது குடும்பத்தைத்தான். முன்பின் தெரியாதவருக்கு ஒருவர் அள்ளிக் கொடுப்பதைப் பற்றி அது பெரிதாகக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

1985இல் எஸ்டேட் வரி ஒழிக்கப்பட்டது. அதன்பின் இந்தியாவில் வாரிசாக வரும் சொத்துக்கு வரி இல்லை. அப்பா இறந்தபின் வரும் வீட்டுக்கு வரி இல்லாதபோது, அவர் உயிரோடிருக்கையில் கொடுக்கும் வீட்டுக்கு மட்டும் வரி கேட்பதில் பொருளில்லை. அப்படிக் கேட்டால், கொடுக்க நினைப்பவர்கள் உயில் எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள், அவ்வளவுதான் நடக்கும். 1998 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் அன்பளிப்புகளுக்கு அந்த வரியும் இல்லையென்று ஆனது.

அடுத்த ஆறு ஆண்டுகள் வேறு விதமான விளையாட்டு நடந்தது. கொடுப்பவருக்கும் வரி இல்லை, வாங்குபவருக்கும் வரி இல்லை என்றால், கணக்கில் காட்டாத பணத்தை வெளுப்பதற்கு அன்பளிப்பைவிட வசதியான பெயர் வேறென்ன? கறுப்புப் பணத்தை ரொக்கமாக ஒருவரிடம் கொடுத்து, அவரிடமிருந்து அதே தொகையைக் காசோலையாக 'அன்பளிப்பு' என்று வாங்கிக்கொண்டால் போதும். தொழிலில் தர வேண்டிய கமிஷனையும் 'அன்பினால் கொடுத்தேன்' என்று எழுதிவிடலாம்.

2004 ஜூலையில் ப. சிதம்பரம் தாக்கல் செய்த பட்ஜெட் இதற்குக் கதவடைத்தது. அன்பளிப்பு வரி என்ற பெயரில் எதுவும் திரும்பி வரவில்லை. அந்நியரிடமிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் கைம்மாறு இல்லாமல் வாங்கிய பணம், வாங்கியவரின் வருமானம் என்று வருமான வரிச் சட்டத்திலேயே ஒரு பிரிவு சேர்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2006இல் வரம்பு 50,000 ஆனது; 2009 அக்டோபர் முதல் நிலம், நகை, பங்குகளும் சேர்ந்தன. அந்த 50,000 இன்றுவரை நகரவில்லை.

1958இல் சட்டம் கேட்ட கேள்வி, 'சொத்தை எங்கே ஒதுக்குகிறாய்?' 2004இல் கேட்ட கேள்வி, 'இது உனக்கு எதற்காக வந்தது?' கேள்வி மாறியதால் சந்தேகத்துக்குரிய ஆளும் மாறினார். அப்பா மகனுக்குப் பணம் கொடுப்பதற்குக் காரணம் தேடத் தேவையில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் பராமரிப்பது சட்டப்படியே கடமை. கல்லூரிக் கட்டணம், பிரசவச் செலவு, கண் அறுவை சிகிச்சை, வீட்டுக்கு முன்பணம் என்று ஒரு குடும்பத்துக்குள் ஓடும் பணத்தில் எது பராமரிப்பு, எது அன்பளிப்பு என்று பிரிக்க எந்த அதிகாரியாலும் முடியாது. அந்தப் பணத்துக்கு சம்பாதித்தவர் ஏற்கெனவே வரி கட்டியிருப்பார் என்ற எண்ணமும் இதில் உண்டு. சம்பந்தமில்லாத ஒருவர் 10 லட்சம் தூக்கிக் கொடுத்தால்தான் ஏன் என்ற கேள்வி எழும்.

அந்த 'ஏன்' என்பதற்கே பதில் தேடிய புகழ்பெற்ற வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் இரும்பு, உலோக வியாபாரம் செய்துவந்த டூபர்ஸ்டீன் என்பவர், நியூயார்க்கில் மோஹாக் மெட்டல் என்ற நிறுவனத்தை நடத்திய பெர்மனுக்கு, அவருடைய சரக்கை வாங்கக்கூடிய சிலரின் பெயர்களை அவ்வப்போது சொல்லிவந்தார். 1951இல் பெர்மன் அவருக்கு ஒரு காடிலாக் காரைப் பரிசளித்தார். தன்னிடம் ஏற்கெனவே ஒரு காடிலாக்கும் இன்னொரு காரும் இருக்கின்றன, வேண்டாம் என்று டூபர்ஸ்டீன் சொல்லிப் பார்த்தார், பிறகு வாங்கிக்கொண்டார். அன்பளிப்பு என்பதால் வருமானத்தில் காட்டவில்லை. பெர்மனின் நிறுவனமோ அந்தக் காரின் விலையைத் தொழில் செலவாக எழுதியிருந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. எந்தச் சுயநலமும் கலக்காத அன்பினாலோ மரியாதையினாலோ கொடுத்தால்தான் அது அன்பளிப்பு. செய்த உதவிக்கோ இனி செய்யப்போகும் உதவிக்கோ பதிலாகக் கொடுத்தால் அது வருமானம் என்று 1960இல் தீர்ப்பு வந்தது. கார் வருமானமாயிற்று.

அமெரிக்கச் சட்டம் இன்றும் கொடுப்பவரின் மனத்தைத்தான் பார்க்கிறது. உண்மையான அன்பளிப்பு என்றால் வாங்குபவருக்கு வருமான வரி இல்லை, கொடுத்தவர் நண்பராக இருந்தாலும் சரி. மனத்தை அளப்பது எவ்வளவு சிரமமான வேலை என்பதற்கு அந்த வழக்கே சாட்சி. ஒரு காருக்காக ஒன்பது ஆண்டுகள். இந்தியச் சட்டம் அந்தச் சிரமத்தைப் பெருமளவு தவிர்த்துவிட்டது. மனத்தைத் தோண்டுவதற்குப் பதிலாக உறவுப் பட்டியலை வைத்தது. பட்டியலில் இருப்பவர் கொடுத்தால் அன்பு. இல்லாதவர் கொடுத்தால் வருமானம். உயிர் நண்பனின் உண்மையான அன்பு அடிபட்டுப் போவது இந்தச் சுருக்கு வழிக்குக் கொடுக்கும் விலை.

வாரிசு வரி இன்னும் இருக்கும் நாடுகளில் குடும்பத்துக்கு இவ்வளவு தாராளம் கிடையாது. ஜெர்மனியில் அன்பளிப்புக்கும் வாரிசுச் சொத்துக்கும் ஒரே சட்டம்தான். பெற்றோர் ஒருவரிடமிருந்து பிள்ளை பத்து ஆண்டுகளுக்கு 4 லட்சம் யூரோ வரை வரியில்லாமல் வாங்கலாம். கணவன் மனைவிக்குள் 5 லட்சம். நண்பருக்கு வெறும் 20,000 யூரோதான். அதைத் தாண்டினால் வரி 30 சதவீதத்திலிருந்து தொடங்கும். பிள்ளைக்கு 7 சதவீதத்திலிருந்து. அங்கே உடன்பிறந்தவருக்கும் நண்பருக்கும் விலக்கு வரம்பு ஒன்றே, விகிதம்தான் குறைவு. அண்ணன் தம்பிக்கு எல்லையே வைக்காத இந்தியாவிலிருந்து பார்த்தால் இது விநோதமாகத் தெரியும். ஆனால் 1958இன் நோக்கம் தெரிந்தவருக்கு அதன் தர்க்கம் புரிந்துவிடும். சாவுக்குப் பின் வரி கேட்கும் அரசு, சாவுக்கு முன் குடும்பத்துக்குள் நடப்பதையும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தியப் பட்டியலுக்குள் இருப்பவர் கொடுத்தார் என்றால் எல்லாம் சுமுகம் என்று பொருளல்ல. வாங்கியவர் வரித்துறைக்கு மூன்று விஷயங்களைக் காட்ட முடிய வேண்டும்: கொடுத்தவர் யார், கொடுக்கும் அளவுக்கு அவரிடம் வசதி இருந்ததா, கொடுத்தது உண்மையா. மாதம் 15,000 ரூபாய் ஓய்வூதியம் வாங்கும் மாமியார் 25 லட்சம் கொடுத்ததாக ரிட்டர்னில் இருந்தால், உறவு சரியாக இருந்தாலும் வசதி பற்றிய கேள்வி வரும். பதில் திருப்தியாக இல்லையென்றால் அந்தத் தொகை விளக்கமில்லாத வரவு என்று கருதப்பட்டு, சாதாரண ஸ்லாபைவிட மிகக் கடுமையான விகிதத்தில் வரி விதிக்கப்படும்.

பணம் வங்கி வழியாக வந்தால் போதும் என்ற நம்பிக்கையைத் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கே உடைத்தது. வெளிநாட்டில் இருப்பவர்களிடமிருந்து அன்பளிப்பாக வந்தது என்று சிலர் பெருந்தொகைகளைக் காட்டியிருந்தார்கள். எல்லாம் வங்கி வழியாக வந்தவை. சென்னை உயர் நீதிமன்றம் வரி கட்டுபவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2007இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வங்கி வழியாக வந்தது என்பதால் மட்டும் ஒரு தொகை உண்மையான அன்பளிப்பாகிவிடாது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் என்ன தொடர்பு, ஏன் கொடுத்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆகவே ஆடிட்டர்கள் சொல்லும் நடைமுறை இதுதான். தொகை பெரியதாக இருந்தால் உறவையும் தேதியையும் குறிப்பிட்டு ஓர் அன்பளிப்புக் கடிதம், கொடுப்பவரின் பான் எண், பணம் போன அவரது வங்கிக் கணக்கின் ஸ்டேட்மெண்ட். கடிதத்தில் 'அண்ணன்' என்று எழுதினால் உடன்பிறந்த அண்ணனா, பெரியப்பா மகனா என்பதும் தெரிய வேண்டும். ரொக்கமாக ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே நிகழ்ச்சிக்காக, 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது; பெற்ற அப்பாவிடமிருந்து என்றாலும். மீறினால் வாங்கிய அளவுக்கே அபராதம் விதிக்க சட்டம் இடம் தருகிறது. மதுரைக்காரரின் அண்ணன் பணத்தை அன்பளிப்பாகக் கொடுக்காமல் கைமாற்றாகக் கொடுத்து, எழுதி வைத்து, இவர் உண்மையாகவே திருப்பித் தந்திருந்தால் 62,400 ரூபாய் வரியில் பெரும்பகுதி வந்திருக்காது. கடன் வருமானமல்ல.

கணவன் மனைவிக்குள் இன்னொரு முடிச்சு இருக்கிறது. கணவர் 10 லட்சம் கொடுக்கிறார், மனைவி அதை 7 சதவீத வட்டிக்கு டெபாசிட்டில் போடுகிறார். 10 லட்சத்துக்கு வரி இல்லை. ஆனால் ஆண்டுக்கு வரும் 70,000 ரூபாய் வட்டி மனைவியின் வருமானமாகப் போகாது. கணவரின் வருமானத்தோடு சேரும். மருமகளுக்கு மாமனார் மாமியார் கொடுத்தாலும், 18 வயது நிரம்பாத பிள்ளைக்குப் பெற்றோர் கொடுத்தாலும் பெரும்பாலும் இதே கதை. அதிக ஸ்லாபில் இருப்பவர் தன் வருமானத்தைக் குடும்பத்தில் குறைந்த ஸ்லாபில் இருப்பவர் பெயருக்கு நகர்த்துவதைத் தடுக்கும் ஏற்பாடு இது. வளர்ந்த மகனுக்கோ மகளுக்கோ பெற்றோருக்கோ கொடுத்தால் இந்த ஒட்டல் இல்லை.

கல்யாணத்துக்குத் தனி இடம். மணமக்களுக்கு யார் எவ்வளவு கொடுத்தாலும், உறவோ அந்நியரோ, திருமணத்தையொட்டி வந்தது என்றால் வரி இல்லை. உச்சவரம்பும் இல்லை. ஆனால் விலக்கு கல்யாணம் செய்துகொள்பவருக்கு மட்டுமே. மகள் திருமணத்தில் தந்தை வாங்கிய அன்பளிப்பு இதில் வராது என்று பஞ்சாப் - அரியானா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மண்டப வாசலில் நோட்டைத் திறந்து மணப்பெண்ணின் அப்பா பெயரில் மொய் எழுதுவது இங்கே சர்வசாதாரணம். பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களின் மொய் 50,000ஐத் தாண்டினால், கணக்குப்படி அது அப்பாவின் வருமானமாகிவிடக்கூடும். காதணி விழாவுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் புதுமனைப் புகுவிழாவுக்கும் திருமண விலக்கு கிடையாது.

புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கத்து ஊர்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்து சட்டத்துக்கு இன்னும் குழப்பமான விஷயம். அங்கே வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வது மரியாதை சார்ந்த கட்டாயம். நோட்டில் பெயர், ஊர், தொகை எல்லாம் தலைமுறையாகப் பதிந்திருக்கும். திருப்பித் தந்தே தீர வேண்டிய பணம் அன்பளிப்பா, வட்டியில்லாக் கடனா? வருமான வரிச் சட்டத்தில் மொய்க்கு என்று ஒரு தனிப் பிரிவு இல்லை. கேள்வி வந்தால் அந்த நோட்டுதான் ஆதாரம்.

நிலம், வீடு என்று வரும்போது வருமான வரித்துறையோடு விஷயம் முடியாது. சார் பதிவாளர் அலுவலகத்திலும் ஓர் உறவுப் பட்டியல் இருக்கிறது. அது வேறு, குறுகலானது. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் தான செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். 2023 ஜூலைக்கு முன் இந்த உச்சவரம்பு 25,000. அங்கே குடும்பம் என்றால் பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்ற அளவில்தான். சித்தப்பா இல்லை, தாய்மாமன் இல்லை.

வாரிசில்லாத ஒரு சித்தப்பா, வழிகாட்டி மதிப்பில் 50 லட்சம் பெறும் வீட்டை அண்ணன் மகனுக்கு எழுதிவைக்க விரும்புகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். வருமான வரியில் அவர் உறவினர். மகனுக்கு ஒரு ரூபாய் வரி இல்லை. பத்திரப் பதிவில் அவர் வெளியாள். 7 சதவீத முத்திரைத் தீர்வை, அதாவது மூன்றரை லட்சம் ரூபாய். அதே வீட்டை அவர் தன் உடன்பிறந்த அண்ணனுக்கு எழுதினால் 40,000. அந்த அண்ணன் பிற்பாடு தன் மகனுக்கு எழுதினால் இன்னொரு 40,000. உயிலாக எழுதிவைத்தால் முத்திரைத் தீர்வையே இல்லை. ஆனால் உயிலை எழுதியவர் உயிரோடிருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், வீடு கைக்கு வர அவர் காலம் முடிய வேண்டும். இரண்டு பத்திர வழியிலோ இடையில் இருக்கும் அண்ணன் மனம் மாறினாலும், அவருக்கு மற்ற பிள்ளைகள் இருந்து அவர் செட்டில்மெண்ட் எழுதாமலே இறந்துபோனாலும் வீடு வேறு பக்கம் போய்விடும். சித்தப்பாவும் அண்ணன் மகனும் ஆடிட்டரையும் பத்திர எழுத்தரையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. இருவரில் ஒருவரை மட்டும் கேட்டால் பாதிக் கணக்குதான் கிடைக்கும்.